பித்தளையின் மஞ்சள், பல்பின் மஞ்சள்

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இன்று கைப்பேசித் திரையிலும் விற்பனையாகிறது. அப்படி விற்கப்போகும் ஐந்து முக விளக்கின் படம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கடைப் பலகைமேல் விளக்கு நிற்கிறது. இடப்பக்கம் சாளரம், வலப்பக்கம் மேலே மஞ்சள் பல்பு, பின்னால் பச்சைச் சுவர். அடியில் யாரோ ஒரு வெள்ளைத்தாளை விரித்திருக்கிறார்கள். அகலின் மேல்பரப்பில் பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசல் வரிகளுக்குள் மெருகேற்றும் தூள் வெள்ளையாகத் தங்கியிருக்கிறது. தண்டின் நடுவில் வார்ப்பின்போது விழுந்த ஒரு சின்னக் குழி. படத்தின் பெரும்பகுதி மஞ்சளடித்துக் கிடக்கிறது. விளக்கு ஏற்கெனவே வெளியூர் போய்விட்டது அல்லது கடைக்காரருக்கு மறுபடி எடுக்க நேரமில்லை. இருக்கும் படத்தை வைத்தே ஒப்பேற்ற வேண்டும்.

எழுத்தில் சொன்னதைப் படத்தில் செய்துதரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. "படத்தைச் சுத்தமாக, பளிச்சென்று ஆக்கு" என்று ஒரு வரி எழுதினால் போதும், சில நொடிகளில் விளம்பரப் பலகைக்கே போட்டுவிடலாம் போன்ற படம் வந்துவிடும். பிரச்சினை அதை உற்றுப் பார்க்கும்போதுதான் தொடங்குகிறது. ஐந்து முகம் ஆறாகியிருக்கும். பிரபையின் உச்சியில் இருந்த அன்னத்தின் அலகு கிளியின் அலகாகியிருக்கும். கடைசல் வரிகள் மழுங்கி, பித்தளை ஏறத்தாழ எவர்சில்வராகியிருக்கும். படம் அழகுதான். ஆனால் அது அந்த விளக்கின் படம் இல்லை.

இதற்குக் கருவியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஒற்றை வரிக்குள் தன்மையில் வேறுபட்ட மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நிறச்சாயல் நீக்குவது பெரும்பாலும் கணக்கு. சரியான விடை ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிக்கவும் முடியும். தூசி நீக்குவது பார்த்து முடிவெடுக்கும் வேலை. எது தூசி, எது பொருளின் உடம்பு என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஒளியை மாற்றுவது ஊகம்; படத்தில் இல்லாத தகவலை இட்டு நிரப்புவது. விடை உறுதியாகத் தெரிகிற வேலையை முதலில் முடித்துவிட்டு, ஊகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் முறை. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

சாயல்: எண்ணால் தீர்வதை எழுத்திடம் கொடுப்பானேன்

நிறச்சாயல் நீக்கத்தின் அடிப்படை நூறாண்டுப் பழையது. கண்ணின் மூவகை நிற உணரிகளும் ஒளிக்கேற்பத் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன என்ற கருத்தை ஜெர்மானிய உடலியலாளர் யோகன்னஸ் ஃபான் கிரீஸ் 1902இல் முன்வைத்தார். கேமராவின் வெண்சமநிலை இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களையும் மூன்று தனித்தனிப் பெருக்கங்களால் சரிக்கட்டுவது, அவ்வளவுதான்.

பெருக்க எண்கள் எங்கிருந்து கிடைக்கும்? படத்தில் சாம்பலோ வெள்ளையோ என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். நம் படத்தில் வெள்ளைத்தாள் இருக்கிறது. அதன் வலப்பகுதியில் நிறம் உறிஞ்சும் கருவியை வைத்துப் பார்த்தால் சிவப்பு 226, பச்சை 204, நீலம் 160 என்று வருவதாகக் கொள்வோம். வெள்ளை என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். நீலம் குறைந்து கிடப்பதுதான் நாம் காணும் மஞ்சள்.

பலரும் பச்சையை நடுவாக வைத்துச் சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டுவார்கள். தாள் சரியாகிவிடும். ஆனால் பித்தளையின் மேல் ஒளி பளீரிடும் புள்ளிகளில் மூன்று எண்களும் ஏற்கெனவே 255ஐ முட்டி நிற்கும். அங்கே சிவப்பை மட்டும் குறைத்தால் மினுக்கம் ஒவ்வொன்றும் வெளிறிய நீலப்பச்சையாகிவிடும். வாங்குபவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பிளாஸ்டிக் போலத் தெரிகிறதே என்று மட்டும் தோன்றும். எந்த எண்ணையும் குறைக்காமல், பெரிய எண்ணான சிவப்பின் மட்டத்துக்கு மற்ற இரண்டையும் உயர்த்துவதே நல்லது. 226ஐ 204ஆல் வகுத்தால் 1.108. 226ஐ 160ஆல் வகுத்தால் 1.413. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் இது ஒரே கட்டளை:

```
magick vilakku.jpg -channel G -evaluate multiply 1.108 \
  -channel B -evaluate multiply 1.413 +channel vilakku_wb.png
```

இதில் பித்தளை என்னவாகிறது என்று பாருங்கள். தண்டின் நடுத்தர வெளிச்சப் பகுதி முன்பு 198, 150, 62 என்றிருந்தால் இப்போது 198, 166, 88 ஆகிறது. பல்பின் மஞ்சள் போய்விட்டது, பித்தளையின் மஞ்சள் இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் நீலத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அந்த இறங்குவரிசை, அதாவது சிவப்பு அதிகம், பச்சை அடுத்து, நீலம் வெகு குறைவு என்பது, விளக்கின் அடையாள அட்டை. எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் தண்டில் ஒரு புள்ளியைத் தொட்டு இந்த வரிசையைச் சரிபார்க்க வேண்டும். மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் பித்தளை எவர்சில்வர் ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

"மஞ்சள் சாயலை நீக்கு" என்ற எழுத்து ஆணை தடுமாறுவது இந்த இடத்தில்தான். எந்த மஞ்சள் என்று அதில் இல்லை. தானியங்கி வெண்சமநிலையும் பல நேரம் இதே குழியில்தான் விழுகிறது. 1980இல் புக்ஸ்பாம் என்பவர் முறைப்படுத்திய ஒரு பழைய உத்தி, எந்தக் காட்சியையும் மொத்தமாகச் சராசரி எடுத்தால் சாம்பல்தான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. மரம், வானம், மனிதர்கள் என்று கலந்திருக்கும் தெருக்காட்சிக்கு அது ஓரளவு பொருந்தும். சட்டகம் நிறையப் பித்தளையே இருக்கும் படத்தில் அந்தச் சராசரி மஞ்சளாகத்தான் இருக்கும். உத்தியோ அதைச் சாயல் என்று நினைத்து எதிர்நிறமான நீலத்தை ஊற்றும். பட்டுப்புடவைப் படங்களிலும் இதே கதைதான். அரக்குப் புடவை கைக்கு வரும்போது வேறு நிறமாக இருக்கிறதே என்ற புலம்பலில் ஒரு பங்கு இதற்கும் போகும்.

நம் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடப்பக்கம் சாளர ஒளி, வலப்பக்கம் பல்பு. தாளின் வலப்பகுதிக்குக் கண்டுபிடித்த பெருக்கத்தைப் படம் முழுவதும் போட்டால் இடப்பகுதி நீலமாகிவிடும். ஒரே படத்தில் இரண்டு ஒளிகள் இருந்தால் ஒரு கணக்கு போதாது. தாளை இரு பக்கமும் தனித்தனியே தொட்டு, இரண்டு திருத்தப் பிரதிகள் செய்து, இடமிருந்து வலமாக மெல்ல மாறும் முகமூடியால் அவற்றை இணைப்பது ஒரு வழி. தட்டையான பொருளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். வளைந்த தண்டும் அடுக்கடுக்கான அகலும் இருக்கும் விளக்கில் இரண்டு ஒளிகளும் பின்னிக் கிடக்கும். நேர்கோட்டு முகமூடி அங்கே எடுபடாது.

எழுத்து ஆணையை இங்கே கொண்டுவருவதில் நியாயம் இருக்கிறது. ஆணை இப்படி இருக்கலாம்: "வலப்பக்கம் பல்பிலிருந்து விழும் ஒளியின் நிறத்தை, இடப்பக்கச் சாளர ஒளியின் நிறத்துக்கு ஒத்துப்போகச் செய். வெள்ளைத்தாள் இரு பக்கமும் ஒரே வெள்ளையாகத் தெரியட்டும். விளக்கு பொன்மஞ்சள் பித்தளையாகவே இருக்கட்டும். வெளிச்சத்தின் அளவும் நிழலும் வடிவமும் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும்." இதில் தாளைச் சாட்சிக்கு அழைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எங்கே பார்த்தால் வேலை முடிந்ததா என்று தெரியும் என்பதை ஆணையே சொல்லிவிடுகிறது.

வந்த படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலப்படத்தின் மேல் அதை ஓர் அடுக்காக வைத்து, அடுக்கின் கலப்பு முறையை ஃபோட்டோஷாப்பில் `Color` என்றோ கிம்ப்பில் `LCh Color` என்றோ மாற்ற வேண்டும். அப்போது மேலடுக்கிலிருந்து நிறம் மட்டும் வரும். வெளிச்ச வேறுபாடுகள், அதாவது கடைசல் வரி, குழி, அன்னத்தின் கண் எல்லாம் கீழிருக்கும் மூலத்திலிருந்தே வரும். கருவி அன்னத்தின் அலகைத் திருத்தி வரைந்திருந்தாலும் அதன் வரைபு உள்ளே வராது. சாயல் நீக்கத்தைப் பொறுத்தவரை இதைவிட எளிய காப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

சுவரின் பச்சையைப் பற்றி ஒரு சொல். தண்டின் ஓரத்தில் தெரியும் பச்சைக்கீற்று நிறச்சாயல் அன்று; மெருகேறிய உலோகத்தில் சுவர் பிரதிபலிக்கிறது. அதை எந்தப் பெருக்கமும் நீக்காது. களிம்பும் பச்சைதான் என்பதால், இதை அப்படியே விட்டால் வாங்குபவர் களிம்பேறிய விளக்கு என்று நினைத்துவிடக் கூடும். அந்தக் கீற்றை மட்டும் முகமூடியால் குறித்துக்கொண்டு, அங்கே பச்சையின் செறிவைக் குறைப்பது போதும்.

சொல்லாத இடமும் ஏன் மாறுகிறது

அடுத்த வேலைக்குப் போகுமுன் கருவியின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. எழுத்து ஆணையால் படம் திருத்தும் வழிக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஒரு மாதிரி, பெர்க்லி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ். 'முன்', 'பின்' படங்களையும் இடையிலான ஆணையையும் லட்சக்கணக்கில் காட்டி அதைப் பழக்கினார்கள். அந்த ஆணைகளும் படங்களும்கூட வேறு மாதிரிகளைக் கொண்டு செய்துகொண்டவைதான். அதில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று, ஆணைக்கு எவ்வளவு கீழ்ப்படிய வேண்டும். மற்றது, மூலப்படத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். ஆணைக்கான திருகை ஏற்றினால் படம் நழுவும். படத்துக்கான திருகை ஏற்றினால் ஆணை செவிடன் காதில் ஊதிய சங்காகும். 2025இல் வந்த ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட், ஜெமினியின் படத் திருத்தம் போன்றவை இந்த இழுபறியை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. அடியோடு ஒழித்துவிடவில்லை.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வகைக் கருவிகளில் பல, படத்தை நேரடியாகத் தொடுவதில்லை. முதலில் அதைச் சுருக்கக் குறிப்பாக மாற்றுகின்றன. இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸுக்கு அடித்தளமான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் 512க்கு 512 புள்ளிப் படம் 64க்கு 64 கட்டங்களாகச் சுருங்குகிறது. நீள அகலத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் ஒரு கட்டத்துக்குள் போகின்றன. அந்தக் குறிப்பில் வேலை முடிந்தபின் அதிலிருந்து முழுப்படமும் புதிதாக வரையப்படுகிறது. ஆணை ஒரு மூலையைப் பற்றியதாக இருந்தாலும் மறுபடி வரையப்படுவது மொத்தப் படம். பெரிய வடிவங்கள் தப்பிவிடும். எட்டுப் புள்ளிக்குள் அடங்கும் கடைசல் வரி, பொறித்த எழுத்து, ஊசிக்குழி ஆகியவை வரைபவரின் ஞாபகத்துக்குத் தக்கபடி மாறும்.

இதிலிருந்து நடைமுறையாக இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, திருத்தியதைத் திருத்தி, அதையும் திருத்தி என்று சங்கிலியாகப் போகக் கூடாது; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேயும். ஆணை பலிக்கவில்லை என்றால் ஆணையை மாற்றிக்கொண்டு மூலத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். மற்றது, கைப்பேசிப் படம் 3000க்கு 4000 புள்ளி இருக்கும்போது கருவி திருப்பித் தருவது பெரும்பாலும் பத்து லட்சம் புள்ளிகளை ஒட்டிய படம்தான். முழுப்படத்தையும் கொடுத்தால் முக்கால் பங்குக்கு மேல் நுணுக்கம் அங்கேயே போய்விடும். வேண்டிய பகுதியை 1024க்கு 1024 அளவில் வெட்டிக் கொடுத்து, வந்ததை அதே இடத்தில் ஓரம் மங்கிய முகமூடியோடு ஒட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தொழிலாகச் செய்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

தூசியும் குழியும்

வெட்டிய துண்டில் இப்போது அகலின் மேல்பரப்பும் தண்டின் ஒரு பகுதியும் இருக்கின்றன. பஞ்சு நூல், மெருகுத்தூள், வார்ப்புக்குழி ஆகிய மூன்றும் படத்தில் சின்னச் சின்ன இடறல்களாகத்தான் தெரிகின்றன. நூலும் தூளும் துடைத்தால் போகும்; வாங்குபவர் வீட்டுக்குப் போய்ச் சேரப்போவதில்லை. குழி போய்ச் சேரும். முதல் இரண்டையும் படத்திலிருந்து எடுப்பது சுத்தம் செய்வது. மூன்றாவதை எடுப்பது பொய்.

விளக்கு கையில் இருந்தால் துணியால் துடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். படம் மட்டும் இருந்தால் ஒளியிடம் கேட்க வேண்டும். தூசி மேல்நோக்கிய பரப்பில் தங்கும். அகலின் அடிப்புறத்தில் வெள்ளைப்புள்ளி இருந்தால் அது தூசியாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்னும் நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. ஒளி இடப்பக்கமிருந்து வந்தால், குழியின் இடப்பக்கச் சுவர் இருண்டும் வலப்பக்கச் சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். புடைப்பு இதற்கு நேர் எதிர். தூசியோ ஏறத்தாழ ஒரே வெளிறலாக இருக்கும், இருட்டும் வெளிச்சமுமாகப் பிரியாது. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். ஒளியை மாற்றுமுன் தூசியை முடித்துவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளி மாறியபின் இந்தச் சாட்சியம் அழிந்துவிடும்.

ஆணையில் எதை, எங்கே, அந்த இடத்தில் பிறகு என்ன தெரிய வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "அகலின் மேல்பரப்பில் கிடக்கும் வெள்ளைப் பஞ்சு நூல்களை எடுத்துவிடு, அங்கே சுற்றியுள்ள பித்தளைப் பரப்பே தொடரட்டும். தண்டின் வளையக் கோடுகளும் நடுவிலுள்ள குழியும் அப்படியே தெரியட்டும்." இதில் 'செய்யாதே' என்ற சொல் இல்லாததைப் பாருங்கள். "குழியை நீக்காதே" என்று எழுதினால் சில கருவிகள் குழி, நீக்கு என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு அதையே செய்துவைக்கும். வேண்டியதை உடன்பாடாகச் சொல்வது பாதுகாப்பானது. "சுத்தமாக்கு", "புதிதுபோல் ஆக்கு" என்பவை இந்த வேலைக்கு ஆகாத சொற்கள். கடைசல் வரி கருவியின் பார்வையில் ஒரு கீறல்தான். புதுப்பொருளுக்குக் கீறல் எதற்கு என்று அது வழித்தெறிந்துவிடும்.

வரிகளுக்குள் தங்கிய மெருகுத்தூளுக்கு நான் எழுத்து ஆணையைப் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளைக் கோடும் பித்தளைக் கோடும் மாறிமாறி வரும் இடத்தில் கருவி எல்லாவற்றையும் சமப்படுத்தவே முயலும். அதற்குப் பழைய `Healing Brush` போதும். ஃபோட்டோஷாப்பில் அது 2002இலேயே வந்துவிட்டது. பக்கத்தில் தூள் படியாத வரியை மாதிரியாக எடுத்து, வரியின் போக்கிலேயே மெல்லிய தூரிகையை ஓட்ட வேண்டும். ஓர் அகலுக்குக் கால்மணி நேரம் ஆகலாம்.

துண்டை ஒட்டியபின் சரிபார்ப்பு. முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கழித்துப் பார்த்தால் மாறிய இடங்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்:

```
magick mun.png pin.png -compose difference -composite \
  -auto-level verupadu.png
```

வேறுபாட்டுப் படத்தில் நூல் கிடந்த இடங்கள் மட்டும் ஒளிர்ந்தால் நல்லது. குழி இருந்த இடத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் குழி போயிருக்கிறது. விளக்கின் விளிம்பு முழுவதும் மெல்லிய கோடாக ஒளிர்ந்தால், கருவி படத்தை ஓரிரு புள்ளி நகர்த்தியிருக்கிறது அல்லது அளவை மாற்றியிருக்கிறது. அதைப் பொருத்தாமல் ஒட்டினால் வரிகள் ஒன்றோடொன்று சேராது. பரப்பு முழுவதும் மங்கலான மணல்போல் தெரிந்தால் அது மறுவரைவின் இரைச்சல், முகமூடி பார்த்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை: இந்தக் கட்டளை உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். ஏறத்தாழ எதுவும் மாறாத படத்தில்கூட ஏதோ பெரிதாக மாறியதுபோல் தோன்றலாம். ஆக, எவ்வளவு ஒளிர்கிறது என்பதைவிட எந்த இடம் ஒளிர்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

ஒளியை மாற்றுவது

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு பங்குகளின் பெருக்கம் என்று பேரோ, டெனன்பாம் என்ற ஆய்வாளர்கள் 1978இல் எழுதினார்கள். பொருளின் சொந்த நிறம் ஒன்று, அதன்மேல் விழுந்த ஒளியின் அளவு மற்றது. இரண்டையும் பிரித்துவிட்டால் பழைய ஒளியைத் தள்ளிவிட்டுப் புதிய ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். பிரிப்பதில்தான் தொல்லை. ஒரு புள்ளி இருட்டாக இருந்தால், அது கறுப்புப் பொருளா நிழலில் இருக்கும் வெள்ளைப் பொருளா என்று அந்தப் புள்ளி சொல்லாது. சுற்றுப்புறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். மண்பானை, துணி, மரச்சாமான் ஆகியவற்றில் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும்.

பித்தளையில் பலிக்காது. மெருகேறிய உலோகத்துக்கு, மண்பானைக்கு உள்ளதுபோல் நிழலும் வெளிச்சமுமான மேனி கிடையாது. அதில் தெரிவதெல்லாம் எதிரிலிருக்கும் அறையின் பிம்பம், பித்தளையின் மஞ்சள் ஏறிய பிம்பம். தண்டில் ஓடும் நீண்ட வெள்ளைக்கோடு சாளரம். அகலின் விளிம்பில் மின்னும் புள்ளி பல்பு. ஒளியை மாற்று என்றால் வேறொரு அறையைக் கற்பனை செய்து, அதை வளைந்த பரப்பில் சரியாகப் பிரதிபலிக்க வைக்க வேண்டும். 2024இல் லியூமின் ஜாங் வெளியிட்ட ஐசி-லைட் போன்ற மாதிரிகள், இரண்டு ஒளிகளைத் தனித்தனியே போட்டுக் கூட்டியதும் சேர்த்துப் போட்டதும் ஒத்துப்போக வேண்டும் என்ற இயற்பியல் விதியைப் பயிற்சியிலேயே புகுத்தின. அதனால் ஒளி விழும் முறை முன்பைவிட நம்பும்படி இருக்கிறது. அறை மட்டும் கற்பனை அறைதான்.

ஆணையில் ஒளியின் திசை, மூலத்தின் அளவு, நிழல் என்ற மூன்றையும் பெயர்சொல்லிக் குறிக்க வேண்டும். "இடப்பக்க மேலிருந்து, பெரிய சாளரத்தின் வழி வருவது போன்ற மென்மையான பகலொளி விழட்டும். தரையில் நிழல் வலப்பக்கம் கீழ்நோக்கி, ஓரம் மங்கி விழட்டும். பல்பால் விழுந்த பழைய நிழல் மறையட்டும். விளக்கின் வடிவம், ஐந்து முகங்கள், அன்னம், கடைசல் வரிகள், குழி, பொன்மஞ்சள் நிறம், சட்டகம் எல்லாம் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும்." பெரிய மூலம் என்றால் மென்மையான நிழல், சின்ன மூலம் என்றால் கூர்மையான நிழல் என்பது உலக வழக்கு. மூலத்தைச் சொல்லாமல் "அழகான ஒளி", "ஸ்டூடியோ ஒளி" என்று விட்டால் கருவி தனக்குப் பழகிய விளம்பரப் படத்தைத்தான் தரும். "வெதுவெதுப்பான ஒளி" என்று எழுதினால், பாடுபட்டு நீக்கிய மஞ்சளை மறுபடி அழைத்துவருகிறோம்.

வந்த படத்தில் முதலில் எண்ண வேண்டியது முகங்களை. அடுத்து நிழல். அன்னத்தின் உச்சியையும் தரையில் அதன் நிழலின் நுனியையும் கோட்டால் இணைத்து மேலே நீட்டினால், கோடு சொன்ன ஒளியின் பக்கம் போக வேண்டும். அடிக்கடி நடப்பது, விளக்கில் மினுக்கம் இடப்பக்கம் மாறியிருக்கும், தரையில் நிழல் பழைய இடத்திலேயே கிடக்கும். அல்லது பழையதும் புதியதுமாக இரண்டு நிழல்கள் இருக்கும். மூன்றாவதாக, தண்டில் உள்ள வெள்ளைக்கோடு. உருளையான பகுதியில் அது நேராகவும், குமிழ்போல் உப்பிய பகுதியில் வளைந்தும், கடைசல் வளையங்களில் துண்டு துண்டாகவும் தெரிய வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வழிந்தால் அது உலோகத்தில் விழுந்த ஒளி ஆகாது, மேலே அடித்த வெள்ளை.

நிறத்துக்குச் செய்ததுபோல் இங்கும் கருவியிடமிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒளியின் பரவல் மெல்ல மாறுவது. வரியும் குழியும் சட்டென மாறுபவை. மூலத்தையும் புதுப்படத்தையும் நன்றாக மங்கலாக்கினால் இரண்டிலும் ஒளியின் பரவல் மட்டும் மிஞ்சும். ஒன்றை மற்றதால் வகுத்தால் எங்கே எவ்வளவு வெளிச்சம் கூடியது, குறைந்தது என்ற விகிதம் கிடைக்கும். அதைக் கூர்மையான மூலத்தின்மேல் பெருக்கிவிட வேண்டும்:

```
magick moolam.png -blur 0x60 m.png
magick oli.png -blur 0x60 o.png
magick moolam.png o.png m.png \
  -fx "u[0]*u[1]/(u[2]+0.01)" pudhu.png
```

மூன்று படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு வரியும் குழியும் மூலத்திலிருந்தே வரும். இதற்கும் எல்லை உண்டு. மங்கலாக்கும்போது சுவரும் விளக்கும் விளிம்பில் கலந்துவிடுவதால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். விளக்கை முகமூடியால் பிரித்துத் தனியே செய்தால் அது போகும். பழைய பல்பின் மினுக்கப்புள்ளி போகாது. அது சட்டென மாறுவது, இந்த வழி காப்பாற்றும் வகையைச் சேர்ந்தது. அதனால் ஒளியின் சாய்வை லேசாக மாற்ற, இருண்ட பக்கத்தைத் தூக்கிவிட இது போதும். வலப்பக்க ஒளியை இடப்பக்கத்துக்கு முழுசாக மாற்ற இது போதாது. அந்த அளவுக்கு மாற்ற வேண்டுமென்றால் கருவியின் மினுக்கத்தை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அப்போது அந்தப் படத்தைப் பட்டியலின் அலங்கார முகப்புக்கு வைத்துக்கொண்டு, ஒளி மாற்றாத, சாயலும் தூசியும் மட்டும் நீக்கிய படத்தை அடுத்ததாகப் போடுவது நியாயம்.

சட்டமும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் செய்யும் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மைகளோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் கண்டபடி பொருள் இல்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள்ள மறுக்கக் கூடாது. பஞ்சு நூலை எடுத்ததற்காக யாரும் விளக்கைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. காணாமல்போன குழி, எவர்சில்வராகிய பித்தளை, ஆறாகிய முகம் ஆகியவை அந்த விதிக்குள் வரும்.

விளக்கு இன்னும் கடையிலேயே இருக்கிறது என்றால், ஊகமே இல்லாமல் ஒளியை மாற்ற ஒரு வழி உண்டு. ஒளி கூட்டலுக்குக் கட்டுப்பட்டது. இடப்பக்கப் பல்பை மட்டும் போட்டு எடுத்த படத்தையும், வலப்பக்கப் பல்பை மட்டும் போட்டு எடுத்த படத்தையும் கூட்டினால் கிடைப்பது இரண்டையும் போட்டு எடுத்த படம். பால் டெபவெக் குழு 2000இல் காட்டிய ஒளி மேடை இந்த விதியைத்தான் பெரிய அளவில் பயன்படுத்தியது. மனித முகத்தை எண்ணற்ற திசைகளிலிருந்து ஒவ்வொன்றாக ஒளியூட்டிப் படமெடுத்து, பிறகு வேண்டிய ஒளியில் அதைக் கூட்டிக்கொண்டார்கள். கடைக்கு இரண்டு படம் போதும். கைப்பேசியை அசையாமல் முக்காலியில் பொருத்தி, அறையின் மற்ற ஒளியை அடைத்து, வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். கூட்டும்போது எண்களை ஒளியின் நேரளவுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். கீழுள்ள கட்டளையில் `-colorspace RGB` என்ற பகுதி அதைச் செய்கிறது. வெளிச்சம் 255ஐத் தாண்டிவிடாமல் இருக்கக் கூட்டலுக்குப் பதில் சராசரி எடுக்கிறோம்.

```
magick idam.jpg valam.jpg -colorspace RGB \
  -evaluate-sequence mean -colorspace sRGB irandum.png
```

இடப்பக்க ஒளி மேலோங்க வேண்டுமென்றால் `idam.jpg` என்ற பெயரை இரண்டு முறை எழுதினால் போதும்; அதன் பங்கு மூன்றில் இரண்டாகிவிடும். இரண்டு பல்புகளின் நிறமும் வேறுவேறாக இருந்தால், கூட்டுமுன் ஒவ்வொரு படத்தையும் அதிலுள்ள தாளை வைத்துத் தனித்தனியே சரிசெய்துகொள்ளலாம். ஒரே படத்துக்குள் பின்னிக் கிடந்தபோது பிரிக்க முடியாமல் நின்ற இருபக்க ஒளிகளும் இங்கே முதலிலிருந்தே தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன.